நூற்றுக்கு முப்பத்தெட்டு

சரஸ்வதிபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஆடிட்டர் அலுவலகத்தில், வேலை கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சலித்துப் பார்ப்பவர் முரளிதரன். அலுவலக மேலாளர் என்று பலகை சொல்லும். சி.ஏ. இன்டர் முதல் குரூப்பை மட்டும் தேறி, இரண்டாவது குரூப்பை நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டு, 'இது நமக்குக் கட்டுப்படியாகாது' என்று கடையைக் கட்டியவர். கொள்ளேகாலத்துப் பட்டு வியாபாரியின் மகன். புடவையின் முந்தானையை விரிப்பதற்குள் வந்தவர் வாங்குவாரா, விலை மட்டும் கேட்டுவிட்டுப் போவாரா என்று சொல்லிவிடும் அப்பாவின் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்தவர். மனிதர்களை எடை போடுவதில் தனக்கு ஈடு இல்லை என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்துக்கு அவர் ஓர் உருவமும் கொடுத்திருந்தார். 2021-இல் அவரே தயாரித்து, லாமினேஷன் போட்டு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த மதிப்பெண் அட்டை அது.

இன்டர் இரண்டு குரூப்பும் தேர்ச்சி: இருபது. முதல் முயற்சியிலேயே என்றால் பத்து. ஆடிட்டரிடம் மூன்று வருட ஆர்டிகிள்ஷிப் பயிற்சி முடித்திருந்தால் முப்பது. ஃபைனலில் ஒரு குரூப்பாவது எழுதியிருந்தால் இருபது. ஆடிட், ஜி.எஸ்.டி., டாக்ஸ் ஆடிட் அனுபவத்துக்கு இருபது. அறுபதுக்குக் கீழே வந்தால் வருத்தம் தெரிவிக்கும் மின்னஞ்சல். அதுவும் தயார். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

2026 ஜூலை முதல் வாரம், இன்டர் தேறி ஃபைனல் தேறாதவர்களுக்காக, 'செமி குவாலிஃபைடு ஆடிட் அசிஸ்டன்ட், உடனடியாகச் சேர வேண்டும்' என்று விளம்பரம் போட்டதற்குப் பதினான்கு பேர் எழுதினார்கள். இரண்டு காப்பிக்குள் அத்தனையும் முடிந்தது. முதலிடம் விஜய்குமார் என்ற பையனுக்கு, எண்பத்தெட்டு. கடைசி இடம் காவேரி என்ற பெண்ணுக்கு, முப்பத்தெட்டு.

காவேரியின் விண்ணப்பம் முரளிதரனைக் கொஞ்சம் எரிச்சல்படுத்தவும் செய்தது. எல்லாரும் ஒன்றரைப் பக்கம் தங்களிடம் இருப்பதை எழுதினால், இவள் அரைப் பக்கம் இல்லாததை எழுதியிருந்தாள். 'இன்னும் இல்லை' என்று தனித் தலைப்பே போட்டிருந்தாள். அதன் கீழே: ஆர்டிகிள்ஷிப் இன்னும் முடியவில்லை; 2024 டிசம்பர் 2-இல் தொடங்கியது; அனுமதித்த இருபத்துநாலு நாளுக்கு மேல் ஒன்பது நாள் விடுப்பு எடுத்திருப்பதால் டிசம்பர் ஒன்றுக்குப் பதில் டிசம்பர் பத்தாம் தேதி முடியும். ஃபைனல் எழுதவில்லை, 2027 செப்டம்பருக்கு முன் எழுதவும் முடியாது. இன்டர் இரண்டாவது குரூப் முதல் முயற்சியில் போயிற்று, நாற்பது வேண்டிய காஸ்டிங்கில் முப்பத்தெட்டு; அடுத்த முயற்சியில்தான் தேறியது.

தன் சரக்கில் இருக்கும் கிழிசலைத் தானே விரித்துக் காட்டும் வியாபாரியை முரளிதரன் அதுவரை பார்த்ததில்லை. ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை நம்மைவிடக் கெட்டிக்காரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். முதலாவதே இருக்கும் என்று முடிவு செய்து மின்னஞ்சலை அனுப்பினார். 'மூன்று வருடப் பயிற்சியில் இரண்டு வருடம் மட்டுமே காணப்படுவதால்...'

மறுநாள் பகல் ஒன்றரை மணிக்கு, எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில், அவர் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் அந்த மின்னஞ்சலின் அச்சு. கன்னடத்தில் பேச ஆரம்பித்தவள், பலகையில் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"நாந்தானுங்க காவேரி. ராமாபுரம். குவெம்பு நகர்ல ஒரு ஆடிட்டர்கிட்ட ஆர்டிகிளா இருக்கேன். லஞ்ச் டைம்ல வந்திருக்கேன், ரெண்டேகாலுக்குத் திரும்பிப் போகணும்."

"அதான் மெயில் போட்டாச்சேம்மா. அடுத்த தடவை பார்க்கலாம்."

"மெயில் வந்துதுங்க. அது எனக்குத்தானான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"உன் பேர்தானே இருக்கு?"

"பேர் என்னுதுதானுங்க. காரணம் யாருதுன்னு தெரியல. மூணு வருசம்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஏதுங்க மூணு வருசம்?"

முரளிதரன் டப்பாவின் மூடியை மறுபடி மூடினார். சித்ரான்னம் காத்திருக்கும். "ஆர்டிகிள்ஷிப்னா மூணு வருஷம். நீ ரெண்டுதான் காட்டியிருக்க. அதுவும் முடியல. சும்னே வெட்டி வாதம் பண்ணாதம்மா."

"2023 ஜூலைக்கு முன்னாடி ரிஜிஸ்டர் பண்ணவங்களுக்குத்தானுங்க மூணு. அப்பறம் சேர்ந்தவங்க எல்லாருக்கும் ரெண்டு. அந்த மூணு வருசக் கூட்டம் போன மாசத்தோட முடிஞ்சுது. லீவு கூட எடுத்தவங்க நாலு பேர் பாக்கி இருக்கலாம். இனிமே மூணு வருசம்னு யாராச்சும் புதுசா எழுதிட்டு வந்தா, அவங்களத்தானுங்க நீங்க சந்தேகப்படணும்."

"அதெல்லாம் எங்களுக்கும் தெரியும்."

"தெரியுமுங்களே. அதோ அங்க உக்காந்திருக்காங்களே ரெண்டு பேர், உங்க ஆர்டிகிளுங்கதானே? அவங்களுக்கு எத்தன வருசம்?"

கூடத்தின் மூலையில் ஒரே டப்பாவைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவரும் தலையைத் தூக்கினார்கள். அவர்களில் ஒருத்தி, கேட்காமலேயே, இரண்டு விரலைக் காட்டினாள்.

அந்த இருவருடைய ஆர்டிகிள் பதிவுக்கான 103-ஆம் படிவத்தை நிரப்பி, தேதி போட்டு, சி.ஏ. இன்ஸ்டிடியூட் தளத்தில் ஏற்றியது வேறு யாருமல்ல, முரளிதரனேதான். இரண்டு வருடம் என்று அவர் கையாலேயே அடித்திருக்கிறார். ஒரு டிராயரில் தெரிந்திருந்தது அடுத்த டிராயருக்குத் தெரியாமல் போயிருந்தது. விதி மாறிய பிறகும் மூன்று வருடமாக அந்த அட்டை கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பத்திரமாக இருந்ததால் யாரும் அதைத் திரும்பப் படிக்கவில்லை.

"சரி, உக்காரு," என்றார்.

"நின்னுக்கிட்டே கேக்கறேனுங்க. எனக்கு மொத்தம் எவ்வளவு வந்துது?"

"அதெல்லாம் சொல்றதில்ல."

"கண்ணாடிக்கு அடியில தெரியுதுங்க. மூணு வருசத்துக்கு முப்பது போச்சு. ஃபைனலுக்கு இருபது போச்சு. முதல் அட்டெம்ப்ட்டுக்குப் பத்து போச்சு, அது நியாயம். அனுபவத்துக்கு என்ன குடுத்தீங்க?"

"பதினெட்டு."

"ஆக, முப்பத்தெட்டு." அவள் சிரித்தாள். "காஸ்டிங்லயும் அதேதான். எனக்கும் அந்த நம்பருக்கும் ஆகறதில்லைங்க. ஆனா அந்த முப்பத்தெட்டு நான் வாங்குனது. இது நீங்க குடுத்தது."

முரளிதரனுக்குக் காது சூடேறியது. கல்லாவுக்கு முன்னால் நின்று விலையைக் குறைக்கச் சொல்பவர்களை அவருக்குத் தெரியும். தராசையே தப்பு என்று சொல்பவர்கள் அபூர்வம். கடையில் அப்படிச் சொன்னால் இரண்டே வழி. சத்தம் போட்டு வெளியே அனுப்பலாம். இல்லை, படிக்கல்லைத் திருப்பிப் பார்க்கலாம்.

"ஃபைனல் ஒரு குரூப் எழுதியிருக்கணும்னு போட்டிருக்கோம். அதுக்கு என்ன சொல்ற?"

"ஆர்டிகிள் முடிச்சு ஆறு மாசம் ஆனாத்தான் ஃபைனல்ல உக்கார முடியும்ங்க. புது ஸ்கீம்ல யாரா இருந்தாலும் அதான். எழுத விடாத பரீட்சைய எழுதலன்னு மார்க்கக் கொறச்சா எப்புடிங்க? அதுக்குப் பதிலா வேற கேளுங்க. அட்வான்ஸ்டு ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சாச்சான்னு கேளுங்க. முடிச்சாச்சு. ஃபைனலுக்கு முன்னாடி நாமளே படிச்சு முடிக்கற ஸெல்ஃப் பேஸ்டு மாட்யூல் நாலுல எத்தனன்னு கேளுங்க. ரெண்டு முடிஞ்சுது, ரெண்டு பாக்கி."

"ஒன்பது நாள் லீவு எதுக்கு?"

"மாதேஸ்வரன் மலையில எங்கம்மாவுக்குத் தேங்கா, பூஜை சாமான் கடை. தீபாவளி ஜாத்திரைக் கூட்டத்துக்கும் சிவராத்திரிக்கும் கூட ஆள் இல்லாம முடியாது. நின்னேன். ஒளிக்கல."

"அதை ஏம்மா ரெஸ்யூமேல எழுதின? யாரு கேட்டா?"

"இப்ப நீங்க கேட்டீங்களே," என்றாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "நான் ரெண்டேகாலுக்குப் போகணும். வேலை குடுங்கன்னு கேக்கலைங்க. நான் வாங்குன மார்க்க எனக்குப் போடுங்க. அப்பவும் அறுபது வரலைன்னா, அதே மெயில மறுபடி அனுப்புங்க. கொள்ளேகால் பஸ்ல ஊருக்குப் போய், நம்மள கழிச்சது நியாயம்தான்னு அம்மாகிட்ட சொல்லிடறேன்."

படியில் இறங்கிப் போய்விட்டாள். மூலையில் இருந்த இருவரும் முரளிதரனைப் பார்த்தார்கள். "என்ன வேடிக்கை? சாப்பிடுங்க," என்றார். தான் சாப்பிடவில்லை.

அட்டையை வெளியே எடுத்தார். ஐந்து வருடம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது, கிழியாமல் வரவில்லை. புதுக் காகிதத்தில் எழுதினார். 'பயிற்சி: முடிந்தது அல்லது ஆறு மாதத்துக்குள் முடிகிறது, முடியும் தேதி விடுப்போடு சேர்த்துக் கணக்கிடப்பட்டிருக்கிறதா.' 'ஃபைனல்: தகுதி வந்தும் எழுதவில்லையா, தகுதியே வரவில்லையா, வரவில்லை என்றால் முன் ஏற்பாடு எவ்வளவு.' பதினான்கையும் மறுபடி போட்டார்.

காவேரிக்கு எழுபத்துமூன்று வந்தது. முதல் முயற்சிக்கான பத்து வரவில்லை. அதை எந்தத் தராசிலும் வரவைக்க முடியாது.

பிறகு எண்பத்தெட்டு வாங்கிய விஜய்குமாரை எடுத்தார். இந்த முறை மார்க்கைப் பார்க்கவில்லை, தேதியைப் பார்த்தார். 'இன்டர் இரண்டு குரூப்பும் ஒரே முயற்சியில், செப்டம்பர் 2024.' 'ஆர்டிகிள்ஷிப்: நிறைவு.' தேதி இல்லை. 'ஃபைனல் முதல் குரூப்: மே 2026, எழுதியாயிற்று.'

முரளிதரன் விரல் விட்டு எண்ணினார். செப்டம்பர் பரீட்சைக்கு ரிசல்ட் வந்தது அக்டோபர் கடைசியில். இரண்டு குரூப்பும் ஒன்றாகத் தேறியவன் அதற்கு முன்னால் ஆர்டிகிளாகச் சேர வழியே இல்லை. சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்றால், இந்த அக்டோபர் கடைசிக்கு முன் முடியாது. இன்று ஜூலை. முடியாத பயிற்சியை முடித்துவிட்டு, உட்கார முடியாத பரீட்சையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் பையன். அதற்கு ஐம்பது மார்க் போட்டிருக்கிறார் முரளிதரன். பட்டு என்று சொன்னதும் நூலைக் கொளுத்திப் பார்க்காமல் வாங்கியிருக்கிறார். அப்பா இருந்திருந்தால் கல்லாவில் உட்கார விட்டிருக்க மாட்டார்.

சாயங்காலம் இரண்டு காகிதத்தோடும் அலுவலகத்தின் பங்குதாரர் பரத்வாஜின் அறைக்குப் போனார். பரத்வாஜ் நல்ல ஆடிட்டர், அவசரக்காரர். செப்டம்பர் வந்துவிட்டால் டாக்ஸ் ஆடிட் நினைப்பில் சரியாகச் சாப்பிடக்கூட மாட்டார்.

"விஜய்குமாரை வரச் சொல்லிட்டீங்களா முரளி?"

"இல்ல சார். அவனுக்கு வரச் சொல்லத் தேதி கிடையாது." விவரத்தைச் சொன்னார்.

பரத்வாஜ் விண்ணப்பத்தைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எப்படி எண்பத்தெட்டு போட்டீங்க?"

"நம்ம அட்டைதான் சார் போட்டது. கீழே உங்க கையெழுத்தும் இருக்கு."

பரத்வாஜ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி. அந்தப் பொண்ணு டிசம்பர்லதானே வருவா? எனக்கு ஆகஸ்ட்ல ஆள் வேணும். ஒண்ணு பண்ணலாம். இப்பவே அவளை நம்ம ஆபீஸுக்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. மிச்சப் பயிற்சியை இங்கே முடிக்கட்டும்."

"முதல் வருஷம் தாண்டியாச்சு சார். தகுந்த காரணம் இல்லாம டிரான்ஸ்ஃபர் கிடைக்காது."

"உடம்பு சரியில்லைன்னு ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட். ஊர்ல எல்லாரும் பண்றதுதானே. நாளைக்கு வரச் சொல்லுங்க, நானே பேசறேன்."

மறுநாள் அதே ஒன்றரை மணி. காவேரி இந்த முறை உட்கார்ந்தாள். பரத்வாஜ் தன் யோசனையை இனிப்பாகச் சொன்னார். நல்ல ஆபீஸ், பெரிய கிளையன்ட்டுகள், டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அடுத்த வாரமே வரலாம்.

அவள் முழுதும் கேட்டாள். "சார், உங்க விளம்பரத்துல போட்டது செமி குவாலிஃபைடு வேலை. அதுக்குச் சம்பளம். டிரான்ஸ்ஃபர்ல வந்தா நான் ஆர்டிகிள். அதுக்கு வெறும் ஸ்டைபெண்ட்தான். ஆள் ஒண்ணுதான், வேலை ஒண்ணுதான், விலை மட்டும் வேறயா?"

முரளிதரன் ஜன்னலைப் பார்த்தார். சிரிப்பு வெளியே தெரியக் கூடாது.

"அப்படி இல்லம்மா," என்றார் பரத்வாஜ். "டிசம்பருக்கு அப்புறம் சம்பளம் போட்டுக்கலாம்."

"அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்ற கடையில எங்கம்மா கற்பூரம்கூட வாங்க மாட்டாங்க சார். இன்னொண்ணு. எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. ஒன்பது நாள் லீவ மறைக்காம எழுதுனவ, இல்லாத வியாதிய எழுதி எப்படி சார் கையெழுத்துப் போடறது?"

"எல்லாரும் பண்றாங்க."

"பண்றாங்க சார். நீங்க எடுக்கப் போறது ஆடிட் அசிஸ்டன்ட். நாளைக்கு ஒரு கிளையன்ட் 'எல்லாரும் பண்றாங்க'ன்னு சொன்னா, நான் என்ன எழுதட்டும்?"

பரத்வாஜின் முகம் கறுத்தது. "அப்போ வேண்டாம். நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"சரிங்க சார்." எழுந்தாள். கதவு வரை போய்விட்டாள்.

"வேற ஆள் யாரு சார்?" என்றார் முரளிதரன்.

பரத்வாஜ் திரும்பினார். இருபது வருடத்தில் முரளிதரன் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

"பதினாலு பேருக்கும் திருப்பிப் போட்டாச்சு. அறுபது தாண்டினது மூணு பேர். ஒருத்தர் பெங்களூருக்கே போறேன்னு காலையில சொல்லிட்டார். இன்னொருத்தர் முடிக்கறது ஜனவரி. இவங்க டிசம்பர். ஆகஸ்ட்ல வரக்கூடிய ஆள் இந்தக் கட்டுல ஒரே ஒருத்தன்தான், விஜய்குமார். அவனைக் கூப்பிடட்டுமா? நாளைக்கே வருவான். தேதி எல்லாம் அவனே பண்ணிக்குவான்."

பரத்வாஜ் மேசைமேல் கிடந்த விஜய்குமாரின் விண்ணப்பத்தை ஒதுக்கித் தள்ளினார்.

"ஆகஸ்ட்லேர்ந்து ரெண்டு மாசத்துக்கு மட்டும் ஒரு ரிடையர்டு அக்கவுன்டன்ட்டைப் பார்க்கலாம் சார். டிசம்பருக்கு இவங்க. ஏப்ரல் பேங்க் பிராஞ்ச் ஆடிட்டுக்குக் கை இருக்கும்." முரளிதரன் கதவருகே நின்றவள் பக்கம் திரும்பினார். "செப்டம்பர் 2027 ஃபைனலுக்கு எப்போ லீவு வேணும்?"

"மே கடைசியிலேர்ந்து," என்றாள்.

"ஜூன் கடைசி."

"ஜூன் பத்து. அன்னிக்குத்தான் ஆறு மாசம் முடியுது."

"ஜூன் பதினஞ்சு."

அவள் யோசித்தாள். "பதினஞ்சு. ஆனா தீபாவளி ஜாத்திரைக்கு ரெண்டு நாள். பரீட்சை முடிஞ்சு திரும்பி வருவேன்."

"எழுத்துல எதுவும் இல்லாம ஏன் பேரம் பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றார் பரத்வாஜ். "என் ஆபீஸா, சந்தையா?" பேனாவின் மூடியைத் திறந்தபடிதான் கேட்டார். அது முரளிதரனின் கண்ணில் பட்டது. அப்பா சொல்லித் தராமலே தெரிந்த விஷயம் அது. பணப்பையைத் திறந்தவன் கடையை விட்டுப் போவதில்லை.

கால் மணியில் கடிதம் தயாராயிற்று. செமி குவாலிஃபைடு ஆடிட் அசிஸ்டன்ட். பயிற்சி நிறைவுக்கான 108-ஆம் படிவத்தைக் காட்டிய பிறகே பணியில் சேரலாம். சம்பளம் விளம்பரத்தில் போட்டபடி. ஃபைனல் விடுப்பு அடுத்த ஜூன் பதினைந்து முதல். சேரும் தேதி: டிசம்பர் 10.

காவேரி நின்றபடியே படித்தாள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

"சார், இதுல ஒரு தப்பு."

"இன்னும் என்னம்மா?"

"பத்தாம் தேதி நான் இன்னும் அங்க ஆர்டிகிள் சார். அதுதான் கடைசி நாள். பதினொண்ணாம் தேதிதான் வர முடியும்."

"பதினொண்ணு வெள்ளிக்கிழமை. அடுத்த நாளைக்கு அடுத்த நாள் ஞாயிறு. திங்கட்கிழமையே வாயேன்."

"வேண்டாம் சார். வெள்ளிக்கிழமையே போடுங்க. என் சம்பளத்துல மூணு நாள் எதுக்குக் குறையணும்?"

பரத்வாஜ் பேனாவை எடுத்து, பத்தை அடித்து, பதினொன்று என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்தும் போட்டார். அவளுக்கு அது போதவில்லை. முரளிதரனிடம் நீட்டினாள்.

"நீங்களும் போடுங்க சார். அடிச்சுத் திருத்துன இடத்துல ரெண்டு பேர் கையெழுத்து இருக்கணும்னு எங்க ஆபீஸ்ல சொல்லுவாங்க."

முரளிதரன் போட்டார். அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். ரெண்டேகாலுக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.